விமானமும் ஹோட்டலும் சேர்த்தா, தனித்தனியா? ஒரு கோலாலம்பூர் கணக்கு

கேள்வி: மே மாத விடுமுறையில் நாங்கள் நான்கு பேர் (நான், கணவர், 13 வயது மகள், 7 வயது மகன்) திருச்சியிலிருந்து கோலாலம்பூர் போய் 5 இரவு தங்கலாம் என்றிருக்கிறோம். ஒரு பயண இணையதளத்தில் விமானமும் ஹோட்டலும் சேர்த்து ஆளுக்கு 33,900 ரூபாய் என்று போட்டு, தனித்தனியாக எடுப்பதைவிட 22,000 ரூபாய் மிச்சம் என்கிறார்கள். என் தம்பியோ அதே விமானம், அதே ஹோட்டலைத் தனித்தனியாகப் பார்த்துவிட்டு, “டிக்கெட் 72,000, ஹோட்டல் 48,000, மொத்தம் 1,20,000தான். பேக்கேஜில் ஏமாறாதே” என்கிறான். இரண்டையும் போனில் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். யார் கணக்கு சரி? கணவருக்கு லீவு இன்னும் உறுதியாகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு கணக்குமே சரியில்லை. ஒரே மாதிரியான விமானம், ஒரே மாதிரியான அறை என்று வைத்துப் பார்த்தால் பேக்கேஜ்தான் மலிவு. ஆனால் மிச்சம் 22,000 இல்லை, 6,000-க்கும் கீழே. அதுவும் ஹோட்டலிடம் ஒரு விஷயத்தை எழுத்தில் கேட்டு வாங்கினால்தான் கைக்கு நிற்கும். லீவு உறுதியாகும்வரை அந்தப் பேக்கேஜை வாங்க வேண்டாம் என்பதே என் ஆலோசனை. நான் டிக்கெட்டும் போட்டுத் தருகிறேன், பேக்கேஜும் விற்கிறேன். அதனால் எந்தப் பக்கம் சாய்ந்தும் எனக்கு ஆக வேண்டியது எதுவும் இல்லை.

சேர்த்து வாங்கினால் ஏன் விலை குறைய வேண்டும் என்பது தெரிந்தால் மீதிக் கணக்கு தானாகப் புரியும். ஒரு ஹோட்டல் தன் அறையை எல்லாத் தளங்களிலும் ஏறக்குறைய ஒரே விலைக்குத்தான் காட்ட விரும்பும். ஒரு தளத்தில் மட்டும் வெளிப்படையாகக் குறைத்தால் மற்றத் தளங்கள் சண்டைக்கு வரும். நேரடியாக வருகிற வாடிக்கையாளரும் அந்த விலையையே கேட்பார். ஆனால் அறைகள் காலியாகக் கிடக்கின்றன, குறைத்து விற்கவும் வேண்டும். அதற்கு அவர்கள் கண்ட வழிதான் பேக்கேஜ் ரேட். மொத்த வியாபாரிகளுக்குக் குறைந்த விலையில் அறையைக் கொடுப்பார்கள். ஒரே நிபந்தனை: அந்த விலையைத் தனியாக வெளியே காட்டக் கூடாது, விமான டிக்கெட்டோடு சேர்த்துத்தான் விற்க வேண்டும். சேர்த்து விற்கும்போது அறையின் விலை எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது அல்லவா?

விமானத்தின் பக்கம் அப்படி இல்லை. பெரிய விமான நிறுவனங்கள் சில தடங்களில் சுற்றுலா ஏஜென்ட்டுகளுக்கென்று தனிக் கட்டணம் தருவதுண்டு. திருச்சி–கோலாலம்பூர் போன்ற மலிவுக் கட்டண விமானத் தடங்களில் பெரும்பாலும் அது கிடையாது. நீங்கள் விமான நிறுவனத்தின் தளத்தில் பார்க்கும் அதே விலைக்குத்தான் பேக்கேஜ் விற்பவரும் டிக்கெட் எடுக்கிறார். ஆகவே உங்கள் பேக்கேஜில் தள்ளுபடி என்று ஒன்று இருந்தால் அது அறைக்குள்தான் ஒளிந்திருக்கிறது. அதை வெளியே கொண்டுவர ஒரே ஒரு கழித்தல் போதும். பேக்கேஜின் முழு விலையிலிருந்து அதே விமானத்தின் முழு விலையைக் கழியுங்கள். மீதி இருப்பதுதான் அவர்கள் உங்களிடம் அறைக்கு வாங்குகிற விலை. அதை எடுத்துக்கொண்டு, அதே அறையை ஹோட்டல் என்ன விலைக்கு விற்கிறது என்று பாருங்கள். இரண்டு மொத்தத் தொகைகளை எதிரெதிரே வைத்துப் பார்ப்பதைவிட இது தெளிவான வழி. எந்தப் பக்கம் என்ன விட்டுப்போயிருக்கிறது என்பதும் இதில் தெரிந்துவிடும்.

சரி, உங்கள் கணக்குக்கு வருவோம். முதலில் பேக்கேஜ். ஆளுக்கு 33,900 என்றால் நான்கு பேருக்கு 1,35,600. இது முதல் பக்கத்தில் காட்டுகிற விலை. நீங்கள் அனுப்பியதில் கடைசியாக இருக்கும் படத்தை, அதாவது பணம் கட்டுகிற பக்கத்தை, கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள். 5 சதவீத ஜி.எஸ்.டி. 6,780 ரூபாய் சேர்ந்து 1,42,380 ஆகியிருக்கிறது. அதற்குக் கீழே டி.சி.எஸ். என்று 2,848 ரூபாய் இன்னொரு வரி. ஆக நீங்கள் கட்டப்போவது 1,45,228.

இந்த டி.சி.எஸ். பலரைக் குழப்புகிறது. வெளிநாட்டுச் சுற்றுலாப் பேக்கேஜ் விற்பவர், வாங்குபவரிடமிருந்து வருமான வரியின் ஒரு பகுதியை முன்கூட்டியே பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். அதுதான் இது. முன்பு 5 சதவீதம், பெரிய தொகைக்கு 20 சதவீதம் என்று இருந்தது. 2026 பட்ஜெட்டில் தொகை எவ்வளவானாலும் 2 சதவீதம் என்று குறைத்தார்கள். எது பேக்கேஜ், எது இல்லை என்பதற்கு வருமான வரித்துறை 2023 ஜூனில் ஒரு விளக்கம் கொடுத்திருக்கிறது. வெளிநாட்டு விமான டிக்கெட், ஹோட்டல் தங்கல், அதைப் போன்ற வேறு செலவு ஆகியவற்றில் குறைந்தது இரண்டு சேர்ந்திருந்தால்தான் அது பேக்கேஜ். டிக்கெட் மட்டும் தனியாகவோ ஹோட்டல் மட்டும் தனியாகவோ எடுத்தால் பேக்கேஜுக்கான டி.சி.எஸ். இல்லை. அதனால்தான் உங்கள் தம்பியின் கணக்கில் இந்த வரியே வரவில்லை.

ஆனால் இதைப் பேக்கேஜின் விலையோடு கூட்டிவிடாதீர்கள். அது செலவு இல்லை. யார் பெயரில் பில் போடுகிறார்களோ அவருடைய பான் எண்ணில் வரவாக நிற்கும். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம், வரியே இல்லையென்றால் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். உங்கள் கணவர் சம்பளக்காரராக இருந்தால் அலுவலகத்தில் சொல்லி மாதச் சம்பளத்தில் பிடிக்கும் வரியிலேயே சரிசெய்துகொள்ளவும் வழி உண்டு. ஆகவே பில் யார் பெயரில் என்பதை யோசித்துப் போடுங்கள். வீட்டில் யாருமே வரிக் கணக்குத் தாக்கல் செய்வதில்லை, இனியும் செய்யப்போவதில்லை என்றால் மட்டும் அந்த 2,848 ரூபாயைச் செலவில் சேருங்கள்.

ஆக, ஒப்பிட வேண்டிய பேக்கேஜ் விலை 1,42,380.

அடுத்தது விமானம். தம்பி பார்த்ததும் பேக்கேஜில் இருப்பதும் ஒரே விமான எண்கள்தான், படங்களில் சரிபார்த்துவிட்டேன். இது நல்ல விஷயம், எப்போதும் இப்படி அமையாது. பேக்கேஜ் தேடலில் தளம் தானாகப் போட்டுக் காட்டுவது பெரும்பாலும் இருப்பதிலேயே மலிவான விமானம். அது நடுவில் ஏழெட்டு மணி நேரம் வேறு ஊரில் காத்திருக்கிற விமானமாகக்கூட இருக்கலாம். விமானத்தை மாற்றும் பொத்தானை அழுத்தி, நீங்கள் உண்மையிலேயே போக விரும்புகிற விமானத்தைப் போட்ட பிறகு வருவதுதான் உங்களுக்கான விலை.

தம்பி சொன்ன 72,000 முதல் பக்கத்து விலை. கடைசிப் பக்கத்தில் வசதிக் கட்டணம் என்று சேர்த்து 73,600 ஆகிறது. அந்த டிக்கெட்டில் ஆளுக்கு 7 கிலோ கைப்பை மட்டும்தான். பேக்கேஜ் டிக்கெட்டிலோ ஆளுக்கு 20 கிலோ செக்-இன் லக்கேஜும் இருக்கிறது. இதைச் சமன்செய்ய நான்கு பேருக்கும் 20 கிலோ விலையைத் தம்பி கணக்கில் கூட்டினால் அது அவருக்கு அநியாயம். ஐந்து நாள் பயணத்துக்கு உங்களுக்கு நான்கு பெட்டி வேண்டுமா என்ன? இரண்டு போதும். உங்களுக்குத் தேவைப்படுகிற அளவுக்கு மட்டும்தான் விலை போட வேண்டும், அவர்கள் கொடுப்பதற்கெல்லாம் அல்ல. விமான நிறுவனத்தின் தளத்தில் ஒரு பெட்டிக்கு ஒரு வழிக்கு 2,600. இரண்டு பெட்டி, போக வர என்றால் 10,400. ஆக விமானத்தின் உண்மை விலை 84,000.

இதே இடத்தில் இன்னொன்று. உங்கள் விமானம் ஞாயிறு நள்ளிரவு 12.30-க்குக் கிளம்புகிறது. அதாவது சனிக்கிழமை இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். நான்கு மணி நேரப் பயணம், மலேசிய நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால், ஆக அங்கே காலை 7 மணிக்கு இறங்குவீர்கள். ஹோட்டலில் அறை கொடுப்பது பிற்பகல் 3 மணிக்கு. இரண்டு பேர் கணக்கிலும் ஐந்து இரவு என்பது ஞாயிறு இரவிலிருந்துதான். இரவெல்லாம் தூங்காத ஏழு வயதுப் பிள்ளையோடு எட்டு மணி நேரம் எங்கே இருப்பது என்று இப்போதே முடிவு செய்யுங்கள். பெட்டிகளை ஹோட்டலில் வைத்துவிட்டு பத்து மலை போய்வரலாம் என்றால் கூடுதல் செலவு இல்லை. முடியாது என்றால் சனிக்கிழமை இரவையும் சேர்த்து ஆறு இரவாகத்தான் பதிவு செய்ய வேண்டும். அதற்கு இரண்டு வழிகளிலும் புதிதாக விலை பார்க்க வேண்டியிருக்கும். கீழே உள்ள கணக்கு ஐந்து இரவுக்கானது.

இப்போது ஹோட்டல். பிசகு அதிகம் நடப்பது இங்கேதான், உங்கள் தம்பியின் 48,000-மும் இங்கேதான் உடைகிறது. அவருடைய படத்தின் மேல்பகுதியில் பாருங்கள், “2 பெரியவர்” என்று மட்டும் இருக்கிறது. பிள்ளைகளைச் சேர்க்காமல் தேடியிருக்கிறார். பல ஹோட்டல்களில் 12 வயதுக்கு மேல் பெரியவர் கணக்கு. உங்கள் மகளுக்கு 13. அதனால் நீங்கள் ஹோட்டலுக்கு மூன்று பெரியவர், ஒரு குழந்தை. ஒரே கட்டில் போட்ட அறைக்கு நான்கு பேராகப் போய் நின்றால் கவுன்ட்டரில் எக்ஸ்ட்ரா பெட்டுக்குப் பணம் கேட்பார்கள், அல்லது அறையை மாற்றச் சொல்வார்கள். இரண்டாவது, அவர் பார்த்தது காலை உணவு இல்லாத விலை. மூன்றாவது, அந்த அறையின் விவரத்தை விரித்தால் ஜன்னல் இல்லாத அறை என்று எழுதியிருக்கிறது. கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் நடுத்தர ஹோட்டல்களில் இப்படி அறைகள் சாதாரணம். ஹோட்டல் பெயர் ஒன்றே, நட்சத்திரமும் ஒன்றே, படமும் ஒன்றே. உள்ளே போனால்தான் நான்கு பக்கமும் சுவர் என்பது தெரியும். பேக்கேஜில் இருப்பது அடுத்த வகை அறை, ஜன்னல் உண்டு, காலை உணவும் உண்டு.

ஆகவே, உங்கள் தேதிகளைப் போட்டு, பிள்ளைகளின் வயதையும் சரியாகக் கொடுத்து, பேக்கேஜில் இருக்கிற அதே வகை அறைக்கு ஹோட்டலின் சொந்தத் தளத்தில் பார்த்தேன். எக்ஸ்ட்ரா பெட், நான்கு பேருக்குக் காலை உணவு, வரி எல்லாம் சேர்த்து, ரத்து செய்தால் பணம் திரும்பாத விலை ஒரு இரவுக்கு 560 ரிங்கிட். ஐந்து இரவுக்கு 2,800. ரிங்கிட்டுக்கு 22 ரூபாய் என்று வைத்தால் 61,600 ரூபாய். இதோடு நின்றுவிடக் கூடாது. வெளிநாட்டு நாணயத்தில் கார்டு தேய்த்தால் நம் வங்கிகள் பல 3.5 சதவீதம் கூடுதலாகப் பிடிக்கும், அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. வேறு. ஆக 4.13 சதவீதம், அதாவது 2,544 ரூபாய். உங்கள் கார்டில் இந்தக் கட்டணம் இல்லையென்றால் அந்த அளவுக்கு உங்களுக்கு லாபம், வங்கியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இருக்கிறது என்று வைத்துக்கொண்டால் ஹோட்டலுக்கு 64,144.

இனிக் கழித்துப் பார்ப்போம். பேக்கேஜ் 1,42,380-இல் விமானத்தின் 84,000-ஐக் கழித்தால் 58,380. அந்தத் தளம் உங்களுக்கு அறையை விற்கிற விலை இது. அதே அறை நேரடியாக 64,144. வித்தியாசம் 5,764 ரூபாய். பேக்கேஜ் ரேட் என்று நான் முதலில் சொன்னேனே, அந்தத் தள்ளுபடி இங்கே சுமார் 9 சதவீதமாக இருக்கிறது. மலேசியாவில் வெளிநாட்டுப் பயணிகளுக்கு அறைக்கு ஒரு இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி உண்டு. ஐந்து இரவுக்கு 50 ரிங்கிட், சுமார் 1,100 ரூபாய். அதைப் பெரும்பாலும் ஹோட்டல் கவுன்ட்டரிலேயே வாங்குவார்கள். எப்படிப் பதிவு செய்தாலும் கட்டியாக வேண்டியது என்பதால் இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. கையில் வைத்திருங்கள், அவ்வளவுதான்.

அப்படியானால் அந்த 22,000 எங்கிருந்து வந்தது? தனித்தனியாக எடுத்தால் என்று அவர்கள் சொல்வது, அவர்களுடைய தளத்திலேயே தனித்தனியாக எடுத்தால் என்றுதான் அர்த்தம். அதில் ஹோட்டலுக்கு வைப்பது பெரும்பாலும் கடைசி நிமிடம்வரை ரத்து செய்யக்கூடிய, இருப்பதிலேயே உயர்ந்த விலையாக இருக்கும். பேக்கேஜில் கொடுப்பதோ ரத்து செய்ய முடியாத அறை. இரண்டு வேறு பொருள்களின் விலையை வைத்துக் கழித்துக் காட்டியிருக்கிறார்கள். அந்த எண்ணை உங்கள் கணக்குக்குள் கொண்டுவரவே வேண்டாம்.

இந்த 5,764 உங்களுக்கு உறுதியா என்றால், இன்னும் இல்லை. நான் முதலில் சொன்ன அந்த ஒரு விஷயம் இதுதான். பேக்கேஜ் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில், கூடுதல் படுக்கை ஹோட்டலின் முடிவுக்கும் கட்டணத்துக்கும் உட்பட்டது என்று போட்டிருக்கிறது. மேலே நான்கு பேரின் வயதையும் வாங்கிக்கொண்டு நான்கு பேருக்கான அறை என்று காட்டிவிட்டு, கீழே இப்படி எழுதியிருக்கிறார்கள். ஹோட்டலின் தளத்தில் எக்ஸ்ட்ரா பெட் ஒரு இரவுக்கு 80 ரிங்கிட் என்று இருக்கிறது. கவுன்ட்டரில் அதைக் கேட்டால் ஐந்து இரவுக்கு 400 ரிங்கிட், கார்டுக் கட்டணத்தோடு 9,163 ரூபாய். உங்கள் மிச்சம் முழுவதும் போய், நேரடியாக எடுத்ததைவிட 3,399 ரூபாய் அதிகமாகக் கொடுத்திருப்பீர்கள்.

ஆகவே பணம் கட்டுவதற்கு முன்பே அந்தத் தளத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். போனில் கேட்டால் “அதெல்லாம் இருக்கும் மேடம்” என்பார்கள், அது உங்களுக்குக் கவுன்ட்டரில் உதவாது. அறை வகையின் பெயர், தேதி, பிள்ளைகளின் வயது மூன்றையும் எழுதி, “13 வயது மகளுக்கான படுக்கையும் காலை உணவும் இந்த விலையில் அடங்குமா? வவுச்சரில் அப்படி எழுதித் தருவீர்களா?” என்று கேளுங்கள். ஆம் என்று எழுத்தில் வந்தால் பேக்கேஜ் மலிவு. மழுப்பினால் இல்லை.

இனி லீவு விஷயம். உங்கள் கேள்வியில் கடைசி வரியாக அதைச் சொல்லியிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் முதல் வரி. அந்தப் பேக்கேஜ் ரத்து செய்ய முடியாதது. லீவு கிடைக்காமல் போனால் 1,42,380-இல் ஹோட்டல் பங்கு ஒரு ரூபாய்கூடத் திரும்பாது, டிக்கெட்டிலும் திரும்புவது சொற்பம். கணவர் மட்டும் வர முடியாது என்றாலும் பேக்கேஜில் ஓர் ஆளை மட்டும் எடுப்பது சிக்கல். பல தளங்களில் முழுப் பதிவையும் ரத்து செய்து புதிதாகப் போடச் சொல்வார்கள்.

தனித்தனியாக எடுத்தால் இந்த ஆபத்தை இரண்டாகப் பிரிக்கலாம். அதே ஹோட்டலில் அதே அறைக்கு, செக்-இன்னுக்கு மூன்று நாள் முன்புவரை இலவசமாக ரத்து செய்யக்கூடிய விலை ஒரு இரவுக்கு 590 ரிங்கிட். ஐந்து இரவுக்கு 2,950 ரிங்கிட், கார்டுக் கட்டணத்தோடு 67,580 ரூபாய். பேக்கேஜில் அறைக்கு ஆவது 58,380. வித்தியாசம் 9,200. அதாவது மனம் மாறுகிற உரிமையின் விலை உங்களுக்கு 9,200 ரூபாய். இதை இப்படித் தனி எண்ணாகப் பிரித்துவிட்டால் முடிவெடுப்பது சுலபம். லீவு கிடைக்காமல் போக நூற்றில் பத்து வாய்ப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காப்பாற்றப்போகிற ஹோட்டல் பணம் 58,000 சொச்சம், அதில் பத்தில் ஒன்று 5,800. அதற்கு 9,200 கொடுப்பது அதிகம்தான். நூற்றில் இருபது என்றால் கொடுப்பதே நல்லது. உங்கள் கணவருடைய அலுவலகத்தைப் பற்றி என்னைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படிச் செய்வேன். இன்றைக்கே அந்த ஹோட்டலில் இலவசமாக ரத்து செய்யக்கூடிய, அங்கே போய்ப் பணம் கட்டுகிற விலையில் அறையைப் பிடித்து வைப்பேன். கையிலிருந்து எதுவும் போகாது. மே மாதம் நெருங்க நெருங்க அறை விலை ஏறினாலும் உங்கள் விலை நிற்கும். விமான டிக்கெட்டை மட்டும் லீவு கையெழுத்தாகும்வரை வாங்க மாட்டேன். கையெழுத்தான அன்றைக்கு, ஒரே உட்காரலில், அரை மணி நேரத்துக்குள் இரண்டையும் திரும்பப் பார்ப்பேன். காலையில் எடுத்த பேக்கேஜ் விலையையும் ராத்திரி எடுத்த டிக்கெட் விலையையும் ஒப்பிட்டால் அர்த்தமில்லை, நடுவில் கட்டணம் மாறியிருக்கும். புது பேக்கேஜ் விலையிலிருந்து புது விமான விலையைக் கழித்து, மீதி பிடித்துவைத்த அறையின் விலையைவிடத் தெளிவாகக் குறைவாக இருந்தால், படுக்கை விஷயத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு பேக்கேஜை எடுத்துவிட்டு, பிடித்துவைத்த அறையை ரத்து செய்துவிடலாம். இல்லையென்றால் டிக்கெட்டை மட்டும் விமான நிறுவனத்தின் தளத்தில் எடுத்தால் போதும். டிக்கெட் விலை இதற்குள் ஏறக்கூடும், அது உண்மைதான். ஆனால் அது பேக்கேஜுக்குள்ளும் அதே அளவு ஏறும் என்பதால் இந்த ஒப்பீடு கெடாது. ரத்து செய்கிற கடைசி நேரம் மலேசிய நேரப்படி கணக்கு என்பதை மட்டும் மறக்க வேண்டாம். அங்கே நள்ளிரவு ஆகும்போது திருச்சியில் இரவு 9.30.

பேக்கேஜாக வாங்கினால் நடுவில் விமானம் ரத்தானால் ஒருவரே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார் என்று பலர் நம்புகிறார்கள். ஐரோப்பிய நாடுகளிலும் பிரிட்டனிலும் பேக்கேஜ் விற்பவர் பயணம் முழுவதற்கும் பொறுப்பு என்று தனிச் சட்டமே இருக்கிறது. இந்தியாவில் பேக்கேஜுக்கென்று அப்படித் தனிச் சட்டம் கிடையாது. பொதுவான நுகர்வோர் சட்டமும், விற்பவர் போட்டிருக்கிற நிபந்தனைகளும்தான். அவருடைய நிபந்தனைகளில் “நாங்கள் இடைத்தரகர் மட்டுமே” என்று இருந்தால், விமான நேரம் மாறினால் ஹோட்டலோடு நீங்கள்தான் பேச வேண்டியிருக்கும். பில்லிலும் ஓர் அடையாளம் உண்டு. முழுத் தொகைக்கும் ஒரே பில், அதில் ஜி.எஸ்.டி.யும் டி.சி.எஸ்.ஸும் இருந்தால் அவர் தன்னைப் பேக்கேஜ் விற்பவர் என்று கணக்கில் ஒப்புக்கொண்டிருக்கிறார். டிக்கெட்டுக்கு ஒரு பில், ஹோட்டலுக்கு ஒரு பில் என்று தனித்தனியாக வந்தால், அது பெரும்பாலும் ஒரே நேரத்தில் பணம் கட்டிய இரண்டு பதிவுகள்தான். உங்களுடையது முதல் வகை. பிரச்சினை என்று வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியும்போது அந்த ஒரே பில் கைகொடுக்கும்.

இந்த முடிவு உங்கள் பயணத்துக்கு மட்டும்தான். ஒரே ஊரில், ஒரே ஹோட்டலில், நான்கைந்து இரவு தொடர்ந்து தங்குகிற பயணங்களில்தான் பேக்கேஜ் ரேட் நன்றாக வேலை செய்யும். கழிக்கிற இடத்தில் அறையின் பங்கு பெரிதாக இருப்பதுதான் காரணம். நடுவில் இரண்டு நாள் பினாங்கு போகலாம், ஓர் இரவு உறவினர் வீட்டில் தங்கலாம் என்று திட்டம் மாறினால் தனித்தனியாகவே எடுங்கள். ஏதாவது ஹோட்டல் குழுமத்தில் உறுப்பினராக இருந்து புள்ளிகள் சேர்ப்பவராக இருந்தாலும் அப்படித்தான். வேறு தளம் வழியாக எடுத்த அறைக்கு அவர்கள் பெரும்பாலும் புள்ளி தருவதில்லை.

கடைசியாக, பேக்கேஜை எடுப்பதாக முடிவானால் பணம் கட்டியதும் இரண்டு விஷயங்களைக் கேட்டு வாங்குங்கள். ஒன்று, விமான நிறுவனத்தின் பி.என்.ஆர். எண். தளத்தின் பதிவு எண் வேறு, இது வேறு. அதை விமான நிறுவனத்தின் தளத்தில் போட்டு, நான்கு பேரின் பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கிறதா, 20 கிலோ லக்கேஜ் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். இன்னொன்று, ஹோட்டலின் சொந்த உறுதி எண். மொத்த வியாபாரி வழியாகப் போகிற பதிவு ஹோட்டலின் கணினிக்குப் போய்ச் சேரச் சில சமயம் நாளாகும். பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு ஹோட்டலுக்கே நேரடியாக மின்னஞ்சல் அனுப்பி, உங்கள் பெயரில் எந்த வகை அறை, எத்தனை பேர், எக்ஸ்ட்ரா பெட் குறித்திருக்கிறதா என்று கேளுங்கள். அந்தப் பதிலை அச்செடுத்து வவுச்சரோடு வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு காலை எட்டரை மணிக்குப் பெட்டிகளோடு கவுன்ட்டரில் நிற்கும்போது உங்களிடம் பேசப்போவது அந்தத் தளத்துக்காரர் இல்லை, ஹோட்டல்காரர்.